விரைவுப் பரிசோதனையின் ஒற்றை நேர்மறை முடிவு எவ்வளவு நம்பத்தக்கது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு எச்.ஐ.வி. விரைவுப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. பரிசோதனை 99.5 விழுக்காடு துல்லியம் என்கிறார்கள். அப்படியானால் எனக்குத் தொற்று இருப்பது 99.5 விழுக்காடு உறுதிதானே?

இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட எண், தொற்று இருக்கிறதா இல்லையா என்பது ஏற்கெனவே தெரிந்தவர்களிடம் பரிசோதனை எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்கிறது. நீங்கள் அறிய விரும்புவதோ அதற்கு நேர்மாறானது: முடிவு மட்டும் கையில் இருக்கும்போது, தொற்று இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நேர்மறை முன்கணிப்பு மதிப்பு என்கிறோம். பரிசோதனைப் பட்டையின் தரம் மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. பரிசோதிக்கப்படும் மக்களிடையே தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. தொற்று அரிதாக உள்ள ஒரு கூட்டத்தில், மிக நல்ல பரிசோதனையின் நேர்மறை முடிவுகளில்கூடப் பெரும்பாலானவை பொய்யாக இருக்கக்கூடும். ஆகவே உங்கள் முடிவு அடுத்த பரிசோதனைக்கான காரணமே தவிர, நோயறிதல் அன்று.

அது எப்படிச் சாத்தியம்? கணக்கைக் காட்ட முடியுமா?

முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்துக்கொள்வோம். தொற்று உள்ளவர்களில் எத்தனை விழுக்காட்டினரைப் பரிசோதனை சரியாகப் பிடிக்கிறது என்பது உணர்திறன். தொற்று இல்லாதவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு அது சரியாக எதிர்மறை என்று சொல்கிறது என்பது தனித்தன்மை. கணக்கு எளிதாக இருக்க, இரண்டுமே 99.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு லட்சம் பேரைப் பரிசோதிக்கிறோம்; அவர்களில் ஆயிரத்துக்கு இருவர் வீதம், அதாவது 0.2 விழுக்காட்டினருக்கு, எச்.ஐ.வி. தொற்று உள்ளது. ஆக, தொற்று உள்ளவர்கள் 200 பேர், இல்லாதவர்கள் 99,800 பேர். அந்த 200 பேரில் 199 பேருக்குப் பரிசோதனை நேர்மறை காட்டும், ஒருவரைத் தவறவிடும். தொற்று இல்லாத 99,800 பேரில் 0.5 விழுக்காட்டினருக்கு, அதாவது 499 பேருக்கு, தவறாக நேர்மறை காட்டும். மொத்த நேர்மறை முடிவுகள் 698. அவற்றில் மெய்யானவை 199 மட்டுமே. 199-ஐ 698-ஆல் வகுத்தால் 28.5 விழுக்காடு வருகிறது. நேர்மறை என்று சொல்லப்பட்ட ஏறத்தாழ பத்துப் பேரில் ஏழு பேருக்குத் தொற்று இல்லை.

இந்தக் கணக்கில் பரிசோதனை எந்த இடத்திலும் தன் தரத்திலிருந்து வழுவவில்லை என்பதைக் கவனியுங்கள். தொற்று இல்லாத ஒவ்வொரு இருநூறு பேரிலும் ஒருவரிடம்தான் அது தவறியது. ஆனால் தொற்று இல்லாதவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்; உள்ளவர்கள் 200 பேர். பெரிய எண்ணின் சிறிய பங்கு, சிறிய எண்ணின் பெரிய பங்கை விஞ்சிவிட்டது. குழப்பம் முழுவதற்கும் வேர் இதுதான்.

பரவல் விகிதம் கூடினாலோ குறைந்தாலோ இந்த எண் எவ்வளவு மாறும்?

மிகவும் மாறும். அதே பட்டையை, பத்தில் ஒருவருக்குத் தொற்று உள்ள ஒரு கூட்டத்தில் பயன்படுத்தினால், ஒரு லட்சம் பேரில் தொற்று உள்ள 10,000 பேரில் 9,950 பேர் நேர்மறை ஆவார்கள். தொற்று இல்லாத 90,000 பேரில் 450 பேர் தவறாக நேர்மறை ஆவார்கள். முன்கணிப்பு மதிப்பு 95.7 விழுக்காடு. மாறாக, பத்தாயிரத்தில் இருவருக்கே தொற்று உள்ள கூட்டத்தில் மெய் நேர்மறைகள் ஏறத்தாழ 20, பொய் நேர்மறைகள் ஏறத்தாழ 500. மதிப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும்.

பொய் நேர்மறைகளின் எண்ணிக்கை மூன்று நிலைகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: 450, 499, 500. மாறுவதெல்லாம் மெய் நேர்மறைகளின் எண்ணிக்கை. தொற்று அருகும்போது பரிசோதனை கெட்டுப்போவதில்லை. பிடிப்பதற்கு உள்ள மெய்யான தொற்றுகள் குறைந்துவிடுகின்றன, பிழைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

இதிலிருந்து, முகாம் நடத்துபவர்களுக்கு மிகவும் பயன்படும் ஓர் அடையாளம் கிடைக்கிறது. ஒரு முகாமில் மொத்த நேர்மறை விகிதம், பட்டையின் இயல்பான பொய் நேர்மறை விகிதத்துக்கு அருகிலேயே இருந்தால், அங்கே வந்த நேர்மறைகளில் பெரும்பங்கு பொய்யாக இருக்க வாய்ப்புண்டு. தனித்தன்மை 99.5 விழுக்காடு என்றால், தொற்றே இல்லாத கூட்டத்திலும் 0.5 விழுக்காடு நேர்மறை வரத்தான் செய்யும். ஆயிரம் பேரைப் பரிசோதித்து ஆறு நேர்மறைகள் கண்டால், தொற்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று அறிவிப்பதற்கு முன் இந்த ஒப்பீட்டைச் செய்து பார்க்க வேண்டும்.

அப்படியானால் எதிர்மறை முடிவையும் நம்பக்கூடாதா?

குறைந்த பரவலில் எதிர்மறை முடிவு மிகவும் நம்பத்தக்கது. மேலே சொன்ன கூட்டத்தில் எதிர்மறை என்று வந்தவர்கள் 99,302 பேர். அவர்களில் ஒருவருக்குத்தான் தொற்று உள்ளது. ஒரு முக்கியமான வரம்பு மட்டும் உண்டு. விரைவுப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை எச்.ஐ.வி.யை நேரடியாகத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்பொருள்களையே தேடுகின்றன. அவை அளவிடத்தக்க நிலைக்கு வருவதற்குப் பொதுவாக 23 முதல் 90 நாட்கள் வரை ஆகலாம். இந்த இடைவெளிக் காலத்தில் பரிசோதித்தால், பட்டையின் உணர்திறன் எண் எதுவாக இருந்தாலும், எதிர்மறை முடிவு அண்மைத் தொற்றை விலக்காது.

நான் "கூட்டம்" அல்லவே, ஒரு தனி மனிதர். நாட்டின் பரவல் விகிதம் என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்?

சரியான கேள்வி இது. கணக்கில் உள்ளே போக வேண்டிய எண் நாட்டின் சராசரி அன்று. பரிசோதனைக்கு முன்பே உங்களைப் பற்றித் தெரிந்தவற்றை வைத்து, உங்களுக்குத் தொற்று இருக்கக்கூடிய வாய்ப்பு. உங்களைப் பற்றி வேறு எதுவும் தெரியாதபோதுதான், நீங்கள் சேர்ந்த கூட்டத்தின் பரவல் விகிதம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதை விகித வடிவில் எழுதினால் தெளிவாகும். நமது பட்டையின் நேர்மறை முடிவு, தொற்று உள்ளவரிடம் 99.5 விழுக்காடும் இல்லாதவரிடம் 0.5 விழுக்காடும் தோன்றுகிறது. ஒன்றை மற்றதால் வகுத்தால் 199. அதாவது, ஒரு நேர்மறை முடிவு, முன்பிருந்த வாய்ப்பு விகிதத்தை 199 மடங்கு பெருக்குகிறது. ஆயிரத்துக்கு இருவர் என்ற கூட்டத்தில் தொடக்க விகிதம் 1-க்கு 499. அதை 199-ஆல் பெருக்கினால் 199-க்கு 499. இது முன்பு கண்ட அதே 28.5 விழுக்காடுதான். இப்போது வேறொருவரை எண்ணிப் பாருங்கள்: அவருடைய துணைவருக்குச் சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்று உள்ளது, மருத்துவர் அவருடைய நிலையை ஆராய்ந்து, பரிசோதனைக்கு முன்பே ஐந்தில் ஒன்று வாய்ப்பு உண்டு என்று கருதுகிறார். அவருடைய தொடக்க விகிதம் 1-க்கு 4. அதே நேர்மறை முடிவு அதை 199-க்கு 4 ஆக்குகிறது. அது 98 விழுக்காடு.

ஒரே பட்டை, ஒரே கோடு, இருவருக்கு முற்றிலும் வெவ்வேறு பொருள். ஆகையால்தான் பரிசோதனைக்கு முன் ஆலோசகர் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்வது, முடிவைப் படிப்பதன் ஒரு பகுதியாகவே அமைகிறது. அந்தக் கேள்விகள் இல்லாமல், வந்தவர் எல்லோரையும் பரிசோதிக்கும் திட்டங்களில், முதல் நேர்மறையின் எடை இயல்பாகவே குறைந்துவிடுகிறது.

பெட்டிக்குள் இருந்த தாளில் "நேர்மறை முன்கணிப்பு மதிப்பு 99 விழுக்காட்டுக்கு மேல்" என்றே அச்சிட்டிருக்கிறார்களே?

அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது உங்கள் கூட்டத்துக்கு உரியதன்று. ஒரு பட்டையை மதிப்பிடும்போது, ஆய்வகத்தில் தொற்று உறுதியான மாதிரிகளையும் தொற்று இல்லை என்று உறுதியான மாதிரிகளையும் போதிய எண்ணிக்கையில் சேர்த்துச் சோதிப்பார்கள். இரண்டிலும் சமமாக ஐந்நூறு எடுத்துக்கொண்டால், அந்த ஆய்வுக்குள் பரவல் விகிதம் 50 விழுக்காடு. அந்தச் செயற்கையான கலவையில் நமது பட்டையின் முன்கணிப்பு மதிப்பைக் கணக்கிட்டால் 99.5 விழுக்காடே வரும். அதே பட்டை ஆயிரத்துக்கு இருவர் என்ற நிலைக்கு வந்தவுடன் 28.5 விழுக்காடாகிறது. ஆகவே தாளில் உணர்திறனையும் தனித்தன்மையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்கணிப்பு மதிப்பை, எந்தப் பரவல் விகிதத்தில் கணக்கிட்டார்கள் என்று கூறப்படாவிட்டால், ஒதுக்கிவிடுங்கள்.

தனித்தன்மை 99.5 என்பதாவது உறுதியான எண்தானா?

அதுவும் ஓர் அளவீடுதான். எத்தனை பேரிடம் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அதற்கு ஐயப்பாட்டு எல்லை உண்டு. தொற்று இல்லாத ஆயிரம் பேரைப் பரிசோதித்து ஐவருக்குத் தவறாக நேர்மறை வந்தது என்று கொள்வோம். அறிக்கையில் 99.5 விழுக்காடு என்று எழுதுவார்கள். ஆனால் 95 விழுக்காட்டு நம்பக எல்லையில் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 98.8-க்கும் 99.8-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம்.

ஒரு விழுக்காடுதானே என்று தோன்றும். நமது கூட்டத்தில் அதன் விளைவைப் பாருங்கள். தனித்தன்மை 98.8 என்றால் பொய் நேர்மறைகள் ஏறத்தாழ 1,200. முன்கணிப்பு மதிப்பு 14 விழுக்காடு. தனித்தன்மை 99.8 என்றால் பொய் நேர்மறைகள் ஏறத்தாழ 200. முன்கணிப்பு மதிப்பு 50 விழுக்காடு. ஒரே ஆய்வு அறிக்கைக்கு உட்பட்டே, நேர்மறை வந்தவரின் நிலை ஏழில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்று வரை ஊசலாடுகிறது. குறைந்த பரவலில் வேலை செய்பவர்கள் உணர்திறனைவிடத் தனித்தன்மையின் பதின்மப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களைப் பற்றி அதிகம் கவலைப்படுவதற்குக் காரணம் இதுவே. பெட்டித் தாளைப் படிக்கும்போது, விழுக்காட்டோடு, எத்தனை பேரிடம் அளந்தது என்பதையும் அடைப்புக்குள் தந்திருக்கும் எல்லைகளையும் சேர்த்தே படிக்கும்படி நான் வலியுறுத்துவேன்.

தொற்றே இல்லாதவருக்குக் கோடு ஏன் விழுகிறது?

பட்டையில் எச்.ஐ.வி.யின் புரதத் துண்டுகள் ஒரு கோடாகப் பதிக்கப்பட்டிருக்கும். இரத்தத்தில் அவற்றோடு ஒட்டும் எதிர்பொருள் இருந்தால், நிறமேற்றிய துகள்கள் அங்கே சேர்ந்து கோடு தெரியும். வேறொரு காரணத்துக்காக உடல் உருவாக்கிய எதிர்பொருள் தற்செயலாக அந்தத் துண்டுகளோடு ஒட்டிவிட்டாலும் அதே கோடுதான் தெரியும். தன்னெதிர்ப்பு நோய்கள், கர்ப்பம், அண்மையில் போட்ட தடுப்பூசி, மலேரியா போன்ற வேறு தொற்றுகள் ஆகியவற்றோடு இத்தகைய பொய் நேர்மறைகள் தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. ஆயினும், பல நேரங்களில் தனிப்பட்ட ஒருவருக்கு ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க முடிவதில்லை.

இதைவிட எளிதில் தவிர்க்கக்கூடியவை செய்முறைப் பிழைகள். ஒவ்வொரு பட்டைக்கும் முடிவைப் படிக்க வேண்டிய நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நேரம் கடந்தபின் பட்டை உலரும்போது மங்கலான கோடு தோன்றக்கூடும். அதை முடிவாகப் படிப்பது தவறு. மாதிரிகளின் பெயர்ச்சீட்டு மாறிப்போவது, ஒருவரின் முடிவு இன்னொருவரின் வரிசையில் எழுதப்படுவது ஆகியவையும் நடக்கின்றன. இந்தப் பிழைகள் தனித்தன்மையை ஆய்வில் அளந்த எண்ணுக்கும் கீழே இழுத்துவிடும். தொற்று அருகிய இடத்தில் அந்தச் சிறிய இழுப்பே பெரும் சேதத்தைச் செய்யும்.

கோடு மங்கலாக இருந்தால் அது பொய் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பொய் நேர்மறைகளில் மங்கலான கோடுகள் மிகுதி என்பது உண்மைதான். ஆனால் தொற்றின் தொடக்க நாட்களில் எதிர்பொருள் குறைவாக இருப்பவரிடமும் கோடு மங்கலாகவே விழும். கோட்டின் அழுத்தத்தைக் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க இயலாது.

அதே பட்டையை இன்னொரு முறை செய்து பார்த்தால் போதாதா?

போதாது. பெயர்ச்சீட்டு மாறியது, நேரம் கடந்து படித்தது போன்ற பிழைகளை மறுமுறை திருத்திவிடும். ஆனால் உங்கள் இரத்தத்தில் உள்ள ஏதோ ஓர் எதிர்பொருள் அந்தப் பட்டையின் புரதத் துண்டோடு ஒட்டுகிறது என்றால், நாளையும் அதே பட்டையில் அது ஒட்டும். இரண்டு முறை நேர்மறை வந்ததால் சான்று இரட்டிப்பானதுபோல் தோன்றும். உண்மையில் அதே பிழை இரண்டு முறை எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாம் பரிசோதனை புதிய தகவலைத் தர வேண்டுமானால், அதன் பிழைகள் முதல் பரிசோதனையின் பிழைகளைச் சாராமல் இருக்க வேண்டும். அதற்காகவே வேறு புரதத் தயாரிப்பையோ வேறு செயல்முறையையோ கொண்ட பரிசோதனையைத் தெரிவு செய்கிறார்கள். பெயரும் பெட்டியும் வேறாக இருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது வேறாகிவிடாது. ஆகையால் எந்தப் பரிசோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது என்பதை, அவை சேர்ந்து தவறுகின்றனவா என்று ஆய்வகத்தில் சரிபார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

எத்தனை பரிசோதனைகள் நேர்மறையானால் உறுதி என்று சொல்லலாம்?

நமது கூட்டத்தையே தொடர்வோம். முதல் பரிசோதனையில் நேர்மறை வந்த 698 பேரை மட்டும் இரண்டாவது, சார்பற்ற, அதே தரமுள்ள பரிசோதனைக்கு அனுப்புகிறோம். தொற்று உள்ள 199 பேரில் 198 பேர் மீண்டும் நேர்மறை ஆவார்கள். தொற்று இல்லாத 499 பேரில் சராசரியாக 2.5 பேர் மட்டுமே மீண்டும் நேர்மறை ஆவார்கள். முன்கணிப்பு மதிப்பு 28.5-இலிருந்து 98.8 விழுக்காட்டுக்குத் தாவுகிறது. முதல் பரிசோதனை, 0.2 விழுக்காடு பரவல் உள்ள கூட்டத்திலிருந்து 28.5 விழுக்காடு பரவல் உள்ள ஒரு சிறு கூட்டத்தைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது. இரண்டாம் பரிசோதனை அந்தச் செறிவான கூட்டத்தில் வேலை செய்ததால்தான் இந்தத் தாவல்.

வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டிய ஒரு நோய்க்கு 98.8 போதுமா? உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள இலக்கு குறைந்தது 99 விழுக்காடு. இரண்டு பரிசோதனைகள் அதற்குச் சற்றே குறைவாக நின்றுவிடுகின்றன. மூன்றாவது சேர்ந்தால் 99.9 விழுக்காட்டையும் தாண்டிவிடுகிறது. பரவல் 5 விழுக்காட்டுக்கும் குறைவான இடங்களில் மூன்று தொடர் நேர்மறைகளும், அதற்கு மேற்பட்ட இடங்களில் இரண்டும் தேவை என்பது அந்நிறுவனத்தின் பழைய வழிகாட்டுதல். 2019-இல் எல்லா இடங்களுக்கும் மூன்று என்று பரிந்துரைத்தது. தொற்று உள்ளவர்களில் பலர் ஏற்கெனவே கண்டறியப்பட்டுச் சிகிச்சையில் இருக்கிறார்கள்; ஆகவே புதிதாகப் பரிசோதனைக்கு வருபவர்களிடையே, மெய் நேர்மறைகளின் பங்கு எங்கும் குறைந்துகொண்டே வருகிறது என்பதே மாற்றத்துக்கான காரணம்.

பழைய 5 விழுக்காட்டு எல்லைக்கும் ஒரு கணக்கு நியாயம் உண்டு. அந்நிறுவனம் விரைவுப் பரிசோதனைகளுக்குக் கேட்கும் குறைந்தபட்ச உணர்திறன் 99 விழுக்காடு, தனித்தன்மை 98 விழுக்காடு. இந்த அடிமட்டத் தரத்தில் உள்ள இரண்டு பரிசோதனைகளை 5 விழுக்காடு பரவலில் அடுத்தடுத்துச் செய்தால், முன்கணிப்பு மதிப்பு 99-ஐச் சற்றே தாண்டும். அதே இரண்டையும் 0.2 விழுக்காடு பரவலில் செய்தால் 83 விழுக்காடுதான் கிடைக்கும். ஆறு பேரில் ஒருவருக்குத் தொற்று இல்லாமலேயே எச்.ஐ.வி. என்று எழுதிக் கொடுத்துவிடுவோம்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் சுயபரிசோதனையின் முடிவு இந்த மூன்றில் ஒன்றாகக்கூட எண்ணப்படுவதில்லை. நேர்மறை வந்தால், பரிசோதனை மையத்தில் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இது எச்.ஐ.வி.க்கு மட்டும் உரியதா? நடைமுறையில் அளந்து பார்த்திருக்கிறார்களா?

எல்லாத் தொற்றுப் பரிசோதனைகளுக்கும் பொருந்தும். மிகத் தெளிவாக அளக்கப்பட்ட ஒன்று, கனடாவில் 2021-இல் அறிகுறி இல்லாத பணியாளர்களிடம் நடந்த கோவிட் ஆன்டிஜென் விரைவுப் பரிசோதனைகள். 537 பணியிடங்களில் 9,03,408 பரிசோதனைகள் செய்யப்பட்டன. நேர்மறை வந்தவை 1,322, அதாவது 0.15 விழுக்காடு. அவற்றில் 1,103 முடிவுகளுக்குப் பிசிஆர் பரிசோதனையின் விடை கிடைத்தது. 462 பொய் என்று தெரிந்தது. மொத்தப் பரிசோதனைகளில் 462 என்பது 0.05 விழுக்காடு மட்டுமே. தனித்தன்மை என்ற அளவில் இது மிகச் சிறந்த பட்டை. அப்படியிருந்தும், பிசிஆர் விடை தெரிந்த நேர்மறைகளில் 42 விழுக்காடு பொய்யாக இருந்தன.

அந்த ஆய்வில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. 462-இல் 278 பொய் நேர்மறைகள் இரண்டே பணியிடங்களில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 8 வரையிலான நாட்களில் வந்தவை. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். இடையில் 675 கிலோமீட்டர். ஆய்வாளர்கள் தேடியபோது, அந்த முடிவுகள் ஒரே உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்த பட்டைகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. நாம் இதுவரை செய்த கணக்குகள், பொய் நேர்மறைகள் சீராகத் தூவிக் கிடக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. நடைமுறையில் அவை ஒரு தொகுதியிலோ ஒரு பரிசோதனையாளரிடமோ கொத்தாக வரக்கூடும். ஒரே இடத்தில் திடீரென நேர்மறைகள் பெருகினால், அது மெய்யான பரவலாகவும் இருக்கலாம், பழுதான தொகுதியாகவும் இருக்கலாம். தொகுதி எண்ணை ஒவ்வொரு முடிவோடும் குறித்து வைத்திருந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். பதிவேட்டில் அந்த ஒரு கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள் என்று பரிசோதனையாளர்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் முடிவு பெரும்பாலும் பொய் என்றால், உறுதியாகும் வரை எதுவும் செய்யாமல் இருக்கலாமா?

28.5 விழுக்காடு என்பது அலட்சியப்படுத்தக்கூடிய எண் அன்று. பரிசோதனைக்கு முன் 0.2 விழுக்காடாக இருந்த வாய்ப்பு நூறு மடங்குக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. ஆகவே உறுதிப்படுத்தும் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாமல், இயன்றால் அன்றே செய்துகொள்ள வேண்டும். அதுவரை இரத்ததானம் செய்யக்கூடாது; பாலுறவில் ஆணுறை பயன்படுத்த வேண்டும். மருந்தைத் தொடங்குவதோ, உங்களுக்கு எச்.ஐ.வி. உள்ளது என்று ஆவணத்தில் எழுதுவதோ மட்டும் உறுதியான பிறகே நடக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பிரசவ வலியோடு வரும் ஒரு பெண்ணுக்கு அதற்கு முன் பரிசோதனையே செய்யப்படவில்லை, அப்போது செய்த விரைவுப் பரிசோதனை நேர்மறை என்றால், உறுதிப்படுத்தும் முடிவுக்குக் காத்திராமல் குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்குவார்கள். முன்கணிப்பு மதிப்பு அங்கே உயர்ந்துவிடவில்லை. சில மணி நேரத் தாமதத்தால் குழந்தைக்கு நேரக்கூடிய கேடு மிகப் பெரியது; தேவையின்றிச் சில நாட்கள் மருந்து தருவதால் வரும் கேடு சிறியது. பொய் என்று தெரிந்தவுடன் மருந்தை நிறுத்திவிடலாம்.

முதல் பரிசோதனை நேர்மறை, இரண்டாவது எதிர்மறை. எதை நம்புவது?

குறைந்த பரவலில் மிக அடிக்கடி நேர்வது இதுதான். நமது கணக்கில் முதல் நேர்மறை வந்த 698 பேரில் ஏறத்தாழ 497 பேர் இந்த நிலையில்தான் நிற்பார்கள். அவர்களில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் தொற்று உள்ளது. இந்நிலையில் முதல் பரிசோதனையை மறுபடியும் செய்யும்படி உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை கூறுகிறது. இம்முறை எதிர்மறை வந்தால், எதிர்மறை என்றே அறிவிக்கலாம். மீண்டும் நேர்மறை வந்தால் முடிவு தெளிவற்றது என்று பதிவு செய்து, 14 நாட்கள் கழித்து மூன்று பரிசோதனைகளின் வரிசையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் இரண்டும் நேர்மறையாகி மூன்றாவது எதிர்மறையானாலும் இதே 14 நாள் காத்திருப்புத்தான். தொற்றின் தொடக்க நிலையில் இருப்பவரென்றால், அதற்குள் எதிர்பொருள் பெருகி எஞ்சிய பரிசோதனைகளிலும் கோடு விழத் தொடங்கும். வேறு ஏதோ எதிர்பொருள் முதல் பட்டையோடு மட்டும் ஒட்டுகிறது என்றால், பதினான்காம் நாளிலும் அந்த ஒரு பட்டை மட்டுமே நேர்மறை காட்டும், மற்றவை எதிர்மறையாகவே இருக்கும்.